குறட்டை, குவார்ட்டர், சளி மாத்திரை: லாரி டிரைவரை வண்டி ஏற்றலாமா என்று எப்படி முடிவு செய்வது?

"நாமக்கல்ல நாலு லாரி வெச்சிருக்கோம். எங்க டிரைவர் அண்ணனுக்கு 46 வயசு, அஞ்சரை அடி உயரம், 92 கிலோ. பயங்கரக் குறட்டை. பகல்ல டீக்கடை பெஞ்சுலயே தூங்கிடறார். போன மாசம் வண்டி ரோட்டை விட்டு மண்ணுல இறங்கி ஏறிடுச்சுன்னு கிளீனர் சொன்னான். ஓட்டும்போது குடிக்க மாட்டார், ராத்திரி வண்டியை நிறுத்தின பிறகு ஒரு குவார்ட்டர். சுகர், பிரஷருக்கு மாத்திரை, முதுகுவலிக்கு ராத்திரி ஒண்ணு, சளி பிடிச்சா மெடிக்கல்ல கேட்டு வாங்கிப்பார். காலைல எட்டு மணிக்கு ஊதிப் பார்த்தா ஜீரோதான் காட்டுது. இவரை டூட்டிக்கு அனுப்பலாமா? எதைப் பார்த்து முடிவு பண்றது?"

இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். வண்டி மண்ணில் இறங்கி ஏறியது ஒன்றே போதும், அவரை இறக்கிவிட்டுத் தூக்கப் பரிசோதனை செய்து பார்க்க. இது வேலையை விட்டு அனுப்புவது அல்ல. சரியாக நடந்தால் சில வாரங்களில் திரும்ப ஸ்டீயரிங் பிடிக்கலாம்.

நீங்கள் குறட்டை, குடி, மாத்திரை என்று தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். அவர் உடம்பில் மூன்றும் ஒரே இடத்தில்தான் வேலை செய்கின்றன: ராத்திரி தூங்கும்போது, தொண்டையில். ஊதும் கருவி காலை எட்டு மணி மூச்சில் சாராயம் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ராத்திரி அவர் தூங்கினாரா என்று அதற்குத் தெரியாது.

தூங்கும்போது எல்லோருக்குமே நாக்கும் தொண்டைத் தசையும் தளர்கின்றன. கழுத்து பருத்தவருக்கு உள்ளே வழி ஏற்கெனவே குறுகலாக இருக்கும். தளர்ந்ததும் அது ஒட்டிக்கொள்ளும். நெஞ்சு மூச்சிழுக்க முயலும், காற்று உள்ளே போகாது. குறைந்தது பத்து வினாடி இப்படி அடைத்தால் அதை ஒரு மூச்சுத்தடை என்று கணக்கிடுகிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி அரைகுறையாக விழிக்கும், தொண்டை திறக்கும், ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு வரும். அவருக்கு விழித்ததே நினைவிருக்காது. மணிக்கு 5 முதல் 15 தடவை வரை நடந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. மணிக்கு நாற்பது தடவை என்றால் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தடவை மூளை எழுந்து உட்காருகிறது. அப்படி எட்டு மணி நேரம் படுத்தாலும் அது எட்டு மணி நேரத் தூக்கம் ஆகாது.

இதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் உங்கள் கிளீனர்தான். டாக்டருக்கும் கிடைக்காத சாட்சி அவர். கேபினில் பக்கத்தில் படுப்பவரிடம், "குறட்டை விடுவாரா?" என்று கேட்காதீர்கள். "குறட்டை நடுவில் சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல், அப்புறம் திணறி மூச்சு வாங்குவாரா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் செல்போனில் பத்து நிமிஷம் பதிவு செய்யச் சொல்லுங்கள், டிரைவருக்குத் தெரிந்தே. நெஞ்சு மேலும் கீழும் ஆடுவதும் சத்தம் இல்லாததும் அதில் தெரிந்தால், டாக்டரிடம் அரை மணி நேரம் விளக்க வேண்டிய தேவை இருக்காது.

மருத்துவர்கள் முதல் வடிகட்டலுக்கு எட்டுக் கேள்வி வைத்திருக்கிறார்கள்: பலத்த குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருப்பது, ரத்த அழுத்தம், உடல் எடைக் குறியீடு 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண் என்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஐந்து வந்தால் ஆபத்து அதிகம். உங்கள் டிரைவரின் எடைக் குறியீடு ஏறக்குறைய 33, வயது 46. அந்த இரண்டிலும் மதிப்பெண் இல்லை. ஆனால் குறட்டை, அசதி, ரத்த அழுத்தம், ஆண் என்று நான்கு ஏற்கெனவே வந்துவிட்டது. ஒரு தையல் டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்தால் ஐந்தாவதும் வரலாம். நம் ஊர் ஆட்களுக்கு 35 என்ற எடை வரம்பு உயரமானது, அதற்குக் கீழேயே இந்த நோய் தாராளமாக வருகிறது. ஆகவே எடையில் மதிப்பெண் வராததை வைத்து ஆறுதல் கொள்ள வேண்டாம். ராத்திரி இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவதும், காலையில் தலை கனப்பதும், மாத்திரை போட்டும் அழுத்தம் அடங்காததும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன.

"வண்டி ஓட்டும்போது தூக்கம் வருமா?" என்று நேராகக் கேட்டால் எந்த டிரைவரும் வராது என்றுதான் சொல்வார். வேலை போய்விடும் என்ற பயம். அதனால் பரிசோதனை நாட்களுக்கும் ஓய்வு நாட்களுக்கும் படி உண்டு என்பதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் கேளுங்கள். கேள்வியையும் மாற்றுங்கள்: கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லாமல் போனதுண்டா? ஓரக்கோட்டில் டயர் ஏறிய சத்தத்தில் திடுக்கிட்டதுண்டா? 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகும். நாலு வினாடி கண் செருகினால் 65 மீட்டருக்கு மேல் யாருமே ஓட்டாத வண்டி. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அந்த நாலு வினாடி என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி குவார்ட்டர். டிரைவர்கள் பலர் அதைத் தூக்கத்துக்கான மருந்தாக நினைக்கிறார்கள். படுத்ததும் தூக்கம் வருவது உண்மை. ஆனால் சாராயம் நாக்குத் தசையை இன்னும் தளர்த்தும், அடைப்பு வந்தபோது விழிக்கச் செய்யும் மூளையின் எச்சரிக்கையையும் மந்தமாக்கும். எனவே அடைப்பு அடிக்கடி வரும், ஒவ்வொன்றும் நீளும், ஆக்சிஜன் இன்னும் கீழே இறங்கும். பின்னிரவில் சாராயம் குறையக் குறையத் தூக்கம் துண்டு துண்டாக உடையும். காலையில் ரத்தத்தில் ஒரு துளி இல்லாவிட்டாலும் அந்த ராத்திரி கெட்டதுதான்.

ரத்தத்தில் ஒரு துளி இல்லையா என்பதும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது. புட்டியில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். 180 மில்லியில் அது 77 மில்லி சாராயம், எடையில் சுமார் 61 கிராம். சாராயம் உடம்பின் நீரில்தான் பரவும், கொழுப்பில் அதிகம் பரவாது. அதனால் பெருத்த உடம்பு "தாங்கும்" என்பது தவறு. 92 கிலோ ஆளுக்கு நீர்ப்பங்கை 0.6 என்று வைத்தால் 55 கிலோ வரும், 61ஐ அந்த 55ஆல் வகுக்க வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் சுமார் 110 மில்லிகிராம் வரும். ஈரல் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் குறைக்கும், சிலருக்கு 10தான்.

அவர் இரவு பதினொன்றரைக்குக் குடிக்க ஆரம்பித்து, நாலு மணிக்கு வண்டி எடுக்கிறார் என்று வையுங்கள். நாலரை மணி நேரத்தில் 67 குறையும், மிச்சம் 43. சட்டம் அனுமதிக்கும் அளவு 30. மெதுவாகச் செரிப்பவருக்கு மிச்சம் 65. ஜீரோவுக்கு வர சராசரி ஆளுக்குக் காலை ஏழு மணி ஆகும், மெதுவானவருக்குப் பத்தரை. நீங்கள் எட்டு மணிக்கு ஊதிப் பார்த்து ஜீரோ கண்டதில் வியப்பில்லை. நாலு மணிக்கு ஊதியிருந்தால் எண் வேறாக இருந்திருக்கும். ஆகவே ஊதும் சோதனையை வண்டி கிளம்பும் நேரத்தில் வையுங்கள், வாயில் எதைப் போட்டிருந்தாலும் அதற்குப் பதினைந்து நிமிஷம் ஆன பிறகு. இல்லையேல் சாராயம் கலந்த இருமல் மருந்தோ வாய் கொப்பளிக்கும் திரவமோ பொய்யான எண்ணைக் காட்டும். டீயோ குளியலோ நடையோ இந்தக் கணக்கை ஒரு மில்லிகிராம்கூடக் குறைக்காது.

அவருக்குச் சுகர் மாத்திரையும் இருப்பதால் இன்னொரு கவலை உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையோ இன்சுலினோ இருந்தால், ராத்திரி சாப்பாடு குறைந்து குடியும் சேர்ந்தால் ஆபத்து. ஈரல் சாராயத்தைச் செரிக்கும் வேலையில் இருக்கும்போது சர்க்கரையை வெளியே விடும் வேலையைத் தள்ளிப்போடும். விடிகாலையில் சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், குழறல் எல்லாம் பார்ப்பவருக்குப் போதை போலவே தெரியும். இப்படிப்பட்ட மாத்திரை சாப்பிடுபவர் வண்டி எடுக்கும் முன் விரல் நுனியில் அளக்கட்டும். 90க்குக் கீழே என்றால் சாப்பிட்ட பிறகுதான் கிளம்ப வேண்டும். வழியில் 70க்குக் கீழே போனால் வண்டியை ஓரம் கட்டி, சாவியை எடுத்துவிட்டு, 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, கால் மணி கழித்து மறுபடி அளக்க வேண்டும். எண் சரியான பிறகும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் சர்க்கரை ஏறிய பின்னும் மூளை முழுத் தெளிவுக்கு வர நேரம் எடுக்கும்.

மற்ற மாத்திரைகளில் சளி மாத்திரைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் அதை யாரும் மருந்து என்றே நினைப்பதில்லை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குளோர்பெனிரமின் என்று இருந்தால் அது பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்து, மூளைக்குள் நேராகப் போகும். உடம்பிலிருந்து பாதி வெளியேறவே பலருக்கு 20 மணி நேரம் ஆகிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று என்று போட்டால் முதல் நாளை விட இரண்டாம் நாள் அளவு கூடியிருக்கும். அவருக்கே தூக்கக் கலக்கம் தெரியாமல், பிரேக் மிதிக்கும் வேகம் மட்டும் குறைந்திருக்கலாம். இருமல் சிரப்பில் டைஃபென்ஹைட்ரமின் அல்லது கோடீன் இருந்தாலும் இதே கதை. செட்ரிசினும் கணிசமான பேருக்குத் தூக்கம் கொடுக்கும். மூக்கில் நீர் வடிவதற்கு ஃபெக்சோஃபெனடின் போதும் என்று டாக்டர் சொன்னால் அதுதான் ஓட்டுபவருக்கு ஏற்றது. வெறும் மூக்கடைப்புக்கு உப்புநீர் ஸ்பிரேயே பாதி வேலையைச் செய்யும்.

முதுகுவலி மாத்திரையின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. கால் வரை இழுக்கும் வலிக்கு ராத்திரி கொடுப்பது பெரும்பாலும் பிரிகாபலின், கபாபென்டின் அல்லது அமிட்ரிப்டிலின். டிரமடால், டாபென்டடால் கலந்தவையும் கொடுப்பதுண்டு. குளோர்சாக்சசோன் சேர்ந்த தசைத்தளர்ச்சி மாத்திரைகளும் சாதாரணம். இவை எல்லாமே மறுநாளும் மந்தம் தரக்கூடியவை. டிரமடால், டாபென்டடால் வகை மூச்சுவிடும் உந்துதலையே தணிக்கும், பிரிகாபலினும் குவார்ட்டரும் சேர்ந்தாலும் அந்த அபாயம் உண்டு. மூச்சடைப்பு இருப்பவருக்கு அது இரட்டைச் சுமை. ஆனால் நீங்களோ அவரோ சட்டென நிறுத்திவிடாதீர்கள். பிரிகாபலினையும், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளையும் திடீரென விட்டால் நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். அட்டைகளை எல்லாம் ஒரு கவரில் போட்டுக்கொண்டுபோய், "இவர் லாரி ஓட்டுகிறார், ராத்திரி மூச்சு நிற்கிறது என்று சந்தேகம்" என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். பல டாக்டர்கள் நோயாளியின் தொழிலைக் கேட்பதே இல்லை, கேட்காததால் மாற்று மருந்தையும் யோசிப்பதில்லை.

பரிசோதனைக்கு நெஞ்சக நோய் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகலாம். வீட்டில் ஒரு ராத்திரி கட்டிக்கொள்ளும் கருவி உண்டு: மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜனை அளக்கும் கிளிப். இவரைப் போல் அறிகுறி பலமாக உள்ளவருக்கு அது போதும். அன்று வழக்கம்போல் படுக்கட்டும், குடி மட்டும் வேண்டாம். குடித்துப் படுத்தால் எண் உயர்ந்து, எது நோய் எது சாராயம் என்று பிரிக்க முடியாது. வீட்டுக் கருவி மூளை அலையைப் பார்க்காது, தூங்காமல் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுத்துவிடும். எனவே எண் உண்மையைவிடக் குறைவாக வரலாம். அது "ஒன்றுமில்லை" என்று சொல்லியும் அசதி தொடர்ந்தால், ஆஸ்பத்திரியில் முழு ராத்திரிப் பரிசோதனை தேவை.

மணிக்கு 38 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சை சிபாப் இயந்திரம். முகமூடி வழியே காற்றை அழுத்தி, தொண்டை ஒட்டாமல் பிடித்து வைக்கும். எடை குறைப்பது நல்லது, ஆனால் அதற்கு மாதக்கணக்காகும். அதுவரை டிரைவர் காத்திருக்க முடியாது. இயந்திரம் ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை அடைப்பு மிச்சம், எவ்வளவு காற்று கசிந்தது என்று பதிந்து வைக்கும். என் கணிப்பில், இரண்டு வாரப் பதிவைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நியாயம். குறைந்தது பத்தில் ஏழு ராத்திரி நாலு மணி நேரத்துக்கு மேல் என்பது உலகெங்கும் சொல்லும் அடிமட்ட அளவு. டிரைவருக்கு அது போதாது. தூங்கும் நேரம் முழுக்கப் போட வேண்டும். மிச்ச அடைப்பு மணிக்கு 5க்குக் கீழே, பகல் தூக்கம் போய்விட்டது, டாக்டர் எழுதிக் கொடுக்கிறார் என்றால் பகல் ஓட்டத்தில் தொடங்கலாம். பிரிட்டனில் கனரக வாகன உரிமத்துக்கு இதே வழிதான்: பகல் தூக்கத்தோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை என்றால் ஓட்டுவதை நிறுத்த வேண்டும், கட்டுப்பட்ட பிறகே திரும்பலாம், வருஷம் ஒருமுறை மறுபார்வை.

இயந்திரம் வீட்டில் இருந்து டிரைவர் ரோட்டில் இருந்தால் பயனில்லை. கேபினில் ஓட்ட வேண்டும். இங்கேதான் பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். எலெக்ட்ரீஷியன் அவசரத்தில் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை இழுத்துக் கொடுத்துவிடுவார். இயந்திரம் ஓடும், ஆனால் ஒரு பேட்டரி மட்டும் தினமும் இறங்கும், மற்றது மிகையாகச் சார்ஜ் ஆகும், கொஞ்ச நாளில் இரண்டும் போகும். இயந்திரத்தின் அடியில் உள்ள தகட்டில் அதற்கு 12 வேண்டுமா 24 வேண்டுமா என்று பாருங்கள். 12 என்றால் இரண்டு பேட்டரிக்கும் பொதுவாக ஒரு 24-12 மாற்றி போட்டு, நடுவில் ஃபியூஸ் வையுங்கள். ஈரப்பதம் கொடுக்கும் சூட்டுத் தட்டை அணைத்து வைத்தால் மின்சாரம் பல மடங்கு மிச்சமாகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தாலும், ஓட்ட முடியாத அளவுக்கு மருந்தின் பிடியில் இருந்தாலும் பொருந்தும். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உடல்நலக் குறைவு தெரிந்தே ஓட்டுவதற்கு 186ஆம் பிரிவு. இவற்றுக்குத் தூண்டுபவருக்கும் அதே தண்டனை என்று 188 சொல்கிறது. எனவே தெரிந்தே ஏற்றி அனுப்பினால் அது உங்களையும் தொடும். உரிமத்துக்கு வாங்கும் படிவம் 1ஏ மருத்துவச் சான்று பார்வை, செவி, கைகால் இவற்றைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. தூக்க மூச்சுத்தடை அதில் சிக்காது. சான்று இருக்கிறதே என்று நம்பியிருக்க முடியாது.

திரும்பி வந்த பிறகு மாதம் ஒருமுறை இயந்திரப் பதிவைப் பாருங்கள். சில ராத்திரி வெற்றாக இருந்தால் திட்டாமல் காரணம் கேளுங்கள்: முகமூடி உரசிப் புண்ணா, தாடியால் காற்று கசிகிறதா, மூக்கடைப்பா. மூன்றுக்கும் தீர்வு உண்டு. மூக்கடைப்புக்குப் பழைய சளி மாத்திரையைத் திரும்ப எடுத்துவிட்டாரா என்றும் பாருங்கள். வழியில் இயந்திரம் பழுதானால், அந்த ராத்திரி குடியில்லாமல் ஒருக்களித்துப் படுக்கட்டும். மறுநாள் விடிகாலை இரண்டு முதல் ஆறு மணி வரை வண்டி ஓடக் கூடாது. பகலில் அசதி தெரிந்தால் அடுத்த பார்க்கிங்கில் நிறுத்தி இருபது நிமிஷம் தூங்கி, எழுந்து கால் மணி நேரம் நடந்து தெளிந்த பிறகு மட்டும் நகரட்டும். இரண்டாவது ராத்திரியும் இயந்திரம் இல்லை என்றால் மாற்று டிரைவரை அனுப்புங்கள், லோடு ஒரு நாள் தாமதமானாலும் சரி.